மார்க்கெட் ஆர்டரில் விலை ஏன் கூடுகிறது?

> "திரையில் 84.20 காட்டியது. மார்க்கெட் ஆர்டரில் 500 பங்கு வாங்கினேன், சராசரி 85.52 விழுந்திருக்கிறது. புரோக்கர் கூடுதலாக எடுத்துவிட்டாரா?"

இல்லை, அநேகமாக விற்பவர்கள் கேட்ட விலைதான் அது. 84.20 என்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. அந்த விலைக்கு இப்போது யாராவது விற்கத் தயாரா என்பதை அது சொல்லாது.

சிறிய நிறுவனப் பங்கு என்றால் விற்பனை வரிசை மெலிதாக இருந்திருக்கும். உதாரணமாக 84.60-க்கு 100, 85.00-க்கு 150, 86.20-க்கு 250 பங்குகள் நின்றன என்று வையுங்கள். மார்க்கெட் ஆர்டர் மலிவானதை முதலில் எடுத்து, தீர்ந்ததும் அடுத்த படிக்கு ஏறும். மொத்தம் 42,760 ரூபாய். 500-ஆல் வகுத்தால் அதே 85.52. உங்கள் ஆர்டரே விலையை ஏற்றிவிட்டது.

ஆப்பில் டிரேட் புக்கைத் திறந்து பாருங்கள். ஒரே ஆர்டர் பல விலைகளில் துண்டு துண்டாக முடிந்திருந்தால் காரணம் இதுதான். அடுத்த முறை வாங்குமுன் மார்க்கெட் டெப்த்தில் விற்பனைப் பக்கத்து ஐந்து விலைகளையும் அளவுகளையும் பார்த்துவிட்டு, இந்த விலைக்கு மேல் வாங்க வேண்டாம் என்று வரம்பு வைக்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள்.

ஆனால் லிமிட் போட்டால் ஆர்டர் பாதியில் நிற்கலாம், நிறைவேறாமலே போகலாம். அதே விலையில் உங்களுக்கு முன் வந்தவர்களுக்குத்தான் முதலில் கிடைக்கும்.