‘உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்’ என்று எழுதும் முன்பின் தெரியாதவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: முகம் தெரியாத ஒருவர், “உங்கள் அனுபவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை, பத்து நிமிடம் பேசலாமா?” என்று மட்டும் எழுதியிருக்கிறார். என்ன கேட்கப் போகிறார் என்றே தெரியவில்லை. மறுக்கவும் மனம் வரவில்லை. என்ன எழுதலாம்?

காங்கேயம் பக்கம் மரச்செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிறேன். மாதத்துக்கு நான்கைந்து பேராவது இப்படி எழுதுகிறார்கள். பல நாள் நான் செய்த தவறு, “என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?” என்று திருப்பிக் கேட்டது. அதற்கு வரும் பதில் “இந்தத் தொழிலைப் பற்றி எல்லாம்தான்” என்பதாகவே இருக்கும். கரையில்லாத கேள்வியைக் கேட்டால் கரையில்லாத பதில்தான் வரும். பிறகு தொலைபேசியில் ஒரு மணி நேரம் போகும். வைக்கும்போது அவருக்கு எது பயன்பட்டது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

இப்போது அன்றைக்கே இப்படி எழுதிவிடுகிறேன்:

“வணக்கம். என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். மூன்று விஷயங்களை மட்டும் எழுதி அனுப்புங்கள். இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்? இப்போது எந்த முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது? அதை எப்போதைக்குள் எடுக்க வேண்டும்? படித்துவிட்டு எழுத்திலேயே பதில் தருகிறேன். பேசினால்தான் தீரும் என்றால் அப்போது பேசுவோம்.”

இதில் இரண்டாவது கேள்விதான் உயிர். முடிவு ஒன்று எதிரில் நிற்கும்போதுதான் மனிதர்களுக்கு உண்மையான கேள்வி வருகிறது.

சென்ற ஆண்டு ஒரு தம்பி, “அண்ணா, மரச்செக்கு பற்றி உங்களிடம் பேச வேண்டும்” என்று ஒற்றை வரி அனுப்பினார். மேலே உள்ளதை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்த பதில்: சொந்த ஊரில் வாடகைக்குக் கடை பார்த்துவிட்டேன், ஒரு செக்குக்கு முன்பணம் கட்ட வேண்டும், அடுத்த வாரம் கெடு, கடலை எண்ணெய் ஆட்டி மளிகைக் கடைகளுக்குப் போடலாம் என்று திட்டம், கட்டுபடியாகுமா? முதல் வரியை நம்பி நான் பேசியிருந்தால், வாகை மரம் நல்லதா, வேறு மரம் நல்லதா என்று விளக்கிக்கொண்டிருந்திருப்பேன். அவருக்கு வேண்டியிருந்தது கணக்கு.

அதையே எழுதினேன். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க ஏறத்தாழ இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். ஒன்றரை கிலோ அளவுக்குப் புண்ணாக்கு மிஞ்சும். பருப்பு கிலோ 120 ரூபாய், புண்ணாக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 300 ரூபாயில் 60 கழிந்து, சரக்குக்கு மட்டும் லிட்டருக்கு 240 ரூபாய் ஆகிறது. கடைக்காரர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டு 260க்கு எடுத்தால் மிச்சம் 20 ரூபாய். ஒரு ஈடுக்குப் பன்னிரண்டு கிலோ, நாளுக்கு எட்டு ஈடு ஆட்டினால் கிடைப்பது 38 லிட்டர். ஆக ஒரு நாளைக்கு 760 ரூபாய். ஆள் கூலி, மின்சாரம், பாட்டில், வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காது. விலைகளை மட்டும் உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுப் பாருங்கள், வீடுகளுக்கு நேராக விற்க வழி இருந்தால் மட்டும் முன்பணம் கட்டுங்கள் என்று முடித்தேன். எழுத இருபது நிமிடம் ஆனது. அந்தக் கணக்கைச் சேமித்து வைத்திருப்பதால், அடுத்து இதே கேள்வியுடன் வருபவருக்கு விலையை மட்டும் மாற்றி அனுப்ப முடிகிறது.

மூன்று கேள்விகளை அனுப்பியதும் பாதிப் பேர் திரும்ப எழுதுவதில்லை. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. இன்னும் யோசனை அளவிலேயே இருக்கிறார்கள், கேள்வி முற்றவில்லை. சிலர், “எழுத்தில் சொல்ல முடியாது, நேரில்தான் சொல்வேன்” என்பார்கள். என் அனுபவத்தில் அவர்களில் பலர் இயந்திரமோ கூட்டு முதலீடோ விற்க வந்தவர்கள். அவர்களுக்கு “அப்படியானால் என்னால் உதவ இயலாது, மன்னியுங்கள்” என்று ஒரே வரி. அதற்கு மேல் வரும் செய்திகளுக்குப் பதில் எழுதுவதில்லை.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். “உங்களுக்குச் செக்கு செய்து கொடுத்தவர் எண் வேண்டும்” என்பது போல, மூன்றாம் மனிதர் ஒருவரைக் கேட்பார்கள். உடனே கொடுத்துவிடாதீர்கள். நான் கேட்பவருடைய எண்ணை வாங்கித் தச்சரிடம் கொடுக்கிறேன். விருப்பமிருந்தால் அவரே கூப்பிட்டுக்கொள்கிறார்.