204-ஆம் எண் பஸ்ஸில் ஒரு ரகசியம்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து இணையத்தில் வெளியிடுவதற்காக அரை மணி நேர ஒலி நாடகம் ஒன்று எழுதியிருக்கிறேன். அதில் ஒரு காட்சி பினாங்கில் ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம் போகும் 204-ஆம் எண் பஸ்ஸில் நடக்கிறது. மீனாட்சி டிபன் கேரியரோடு மகள் வீட்டுக்குப் போகிறார். வழியில் பழைய தோட்டத்துத் தோழி லெட்சுமியைப் பார்க்கிறார். வசனமும் ஒலியும் மட்டும்தான். கூட்டத்தைக் காட்ட நானே பஸ்ஸில் போய்க் கைப்பேசியில் சத்தத்தைப் பதிவு செய்து சேர்த்தேன். கேட்டவர்கள் "பஸ் என்று தெரிகிறது, கூட்டம் தெரியவில்லை, பேசுவதும் சரியாகக் கேட்கவில்லை" என்கிறார்கள். கதைசொல்லி ஒருவரைப் போட்டுவிடலாமா? காட்சி எட்டு நிமிடம் ஓடுகிறது, நீளமா? பிரதியையும் ஒலிப்பதிவையும் இணைத்திருக்கிறேன்.

கவிதா, பட்டர்வொர்த்

அன்புள்ள கவிதா,

கொஞ்ச நாளாகவே இளைஞர்கள் செய்யும் ஒலி நாடகங்களைத் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சந்தை, கல்யாண வீடு, பஸ், எதுவானாலும் ஒரே இரைச்சலை அடியில் ஓடவிட்டு மேலே வசனத்தை வைத்துவிடுகிறார்கள். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் திட்டிவிடுகிறேன். "ஐயோ, என்ன இன்னிக்கு இவ்வளவு கூட்டம்! கம்பிய நல்லா புடிச்சிக்க லெட்சுமி, விழுந்துடுவ!" இப்படி யாராவது பஸ்ஸில் பேசிக் கேட்டிருக்கிறீர்களா? கூட்டம் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிகிறது. கம்பியை ஏற்கனவே பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். இந்த வரியை மீனாட்சி லெட்சுமியிடம் சொல்லவில்லை, நாடகம் கேட்கும் என்னிடம் சொல்கிறார். பிரதியில் இந்த மாதிரி வருகிற எல்லா வரியையும் அடித்துவிடுங்கள். அடித்தபின் கூட்டம் காணாமல் போகிறது என்றால், அது முதலிலிருந்தே அங்கே இல்லை.

சரி, கூட்டம் எங்கிருந்து வரும்? உங்கள் பதிவில் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் சில்லறை விழுவதும், பின் இருக்கைக் குழந்தை அழுவதும், மீனாட்சியின் குரலும் ஒரே தூரத்தில் கேட்கின்றன. அப்படிக் கேட்கிற இடம் எந்த பஸ்ஸிலும் கிடையாது. காது யாருடையது என்று முதலில் முடிவு செய்யுங்கள். மீனாட்சியுடையது என்று வைத்துக்கொள்வோம். அவர் மூச்சும் வயிற்றோடு அணைத்திருக்கும் டிபன் கேரியரின் மூடி நடுங்குவதும் மிகப் பக்கத்தில் கேட்கும். சில்லறைப் பெட்டி, அவர் ஏறும்போது பக்கத்தில், அப்புறம் தூரத்தில். ஜெட்டியில் பஸ் காலியாக நிற்கும்போது கண்ணாடியும் தரைத் தகடும் கூர்மையாகக் கடகடக்கும். கொம்தாரில் கூட்டம் ஏறியதும் அந்தக் கூர்மை மழுங்கிவிடும், ஏனென்றால் மனித உடம்பும் துணியும் மேல்சுருதிச் சத்தங்களை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஆள் ஏற ஏற நீங்கள் இரைச்சலைக் கூட்டக்கூடாது. கடகடப்பின் மேல்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எதிரொலி எதையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், நிறைந்த பஸ்ஸில் எதிரொலி இருக்காது.

பின்னணிப் பேச்சு பற்றியும் ஒரு வார்த்தை. நண்பர்கள் நாலு பேரைத் தமிழில் பேசவைத்து அடியில் போட்டிருக்கிறீர்கள். தமிழ் வசனத்தை மறைப்பதில் அடியில் ஓடும் தமிழுக்கு நிகர் எதுவும் இல்லை. புரிகிற மொழி காதில் விழுந்தால் மனம் அதன் பின்னால் போய்விடும். 204-இல் ஹொக்கியனும் மலாயும்தானே அதிகம் கேட்கிறது? அதைப் போடுங்கள். ஹொக்கியன் அதிகமாக இருக்கட்டும், மலாய் நமக்கெல்லாம் புரிந்துவிடும்.

இதெல்லாம் சுலபமாகச் சரிசெய்துவிடலாம். என்னை வருத்தியது வேறு. உங்கள் நடிகைகள் இருவரும் அமைதியான அறையில் உட்கார்ந்து, அமைதியான அறைக்கு ஏற்ற குரலில் பேசியிருக்கிறார்கள். அப்புறம் பஸ் சத்தத்தை ஏற்றியிருக்கிறீர்கள். குரல் அமுங்கியதும் குரலின் அளவைக் கூட்டியிருக்கிறீர்கள். இப்போது ஒரு பெண் மெதுவாகப் பேசுவது பெரிதாகக் கேட்கிறது, அவ்வளவுதான். சத்தத்தின் நடுவே நிற்கும் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். 1911-இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைப் பதிவு செய்தார், இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள். அளவு மட்டும் கூடுவதில்லை. சுருதி ஏறும், உயிரெழுத்துகள் நீளும், குரலில் ஒரு கூர்மை வரும். வால்யூமைத் திருகி இதையெல்லாம் கொண்டுவர முடியாது. நடிகையின் தொண்டையிலிருந்துதான் வரவேண்டும்.

எனக்கு இது புரிந்தது கோலாலம்பூர் மினி பஸ்ஸில். 1998-இல் நிறுத்தப்பட்டுவிட்ட அந்த இளஞ்சிவப்பு பஸ்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கண்டக்டர் கையிலுள்ள சில்லறையைக் கிலுக்கிக்கொண்டு "மாசோக் டாலாம்!" என்று உள்ளே தள்ளுவார், உள்ளே இடமே இருக்காது. ஜாலான் ஈப்போவில் ஒரு மாலை. எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர், மூன்று ஆள் தள்ளி நின்ற தோழிக்கு ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். இன்ஜின் இரைச்சலில் தோழிக்குக் கேட்கவில்லை. அம்மா குரலை உயர்த்தினார், இன்னும் உயர்த்தினார். "சம்பளத்த முழுசா குடிச்சே தீத்துட்டாரு" என்று அவர் சொல்லி முடிக்கும்போது பஸ் சிவப்பு விளக்கில் நின்றுவிட்டது. இன்ஜின் தணிந்துவிட்டது. கடைசி இரண்டு சொல்லும் பஸ் முழுக்கக் கேட்டன. கண்டக்டரின் கையில் சில்லறை நின்றது. தமிழ் தெரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா சௌகிட் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கவிதா, கூட்டம் மனிதர்களுக்குச் செய்வது இதைத்தான். பக்கத்தில் நின்றவரைப் பிரிக்கிறது. காதோடு சொல்ல வேண்டியதைக் கத்திச் சொல்ல வைக்கிறது. உங்கள் கதையிலேயே அதற்கான விஷயம் தயாராக இருக்கிறது, மீனாட்சி மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதை அவர் லெட்சுமியிடம் நிதானமாக, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தக் காட்சிக்கு பஸ் எதற்கு? கோயில் படிக்கட்டு போதுமே. இப்படி வைத்துப் பாருங்கள்:

(ஒலி: ஓடும் இன்ஜின். மிக அருகில் டிபன் கேரியர் மூடி நடுங்குகிறது.)

மீனாட்சி: (காதருகே) மூணு வருசமாச்சு. அவ வாசல மிதிச்சதில்ல.

லெட்சுமி: (அருகில்) எதனாலக்கா?

(ஒலி: பிரேக். கதவின் காற்றுச் சீறல். முன்னால், தூரத்தில், பெட்டியில் சில்லறை விழுகிறது, மறுபடி, மறுபடி.)

ஓட்டுநர்: (தூரத்தில்) மாசோக் டாலாம்! பெலாகாங் கோசோங்!

ஆண் குரல்: (இருவருக்கும் நடுவில்) சோரி ஆன்ட்டி, சோரி.

லெட்சுமி: (விலகி) எதனாலன்னு கேட்டேன்.

மீனாட்சி: அப்புறமா சொல்றேன்.

லெட்சுமி: (இன்னும் விலகி, ஒரு முதுகுக்குப் பின்னாலிருந்து) என்ன? கேக்கலக்கா!

(ஒலி: பஸ் புறப்படுகிறது. இன்ஜின் ஏறுகிறது.)

மீனாட்சி: (குரலை உயர்த்தி) கல்யாணத்துக்கு!

லெட்சுமி: கல்யாணத்துக்கு என்ன?

மீனாட்சி: (இன்னும் உயர்த்தி) அவ கல்யாணத்துக்கு நான்

(ஒலி: பிரேக். இன்ஜின் தணிகிறது.)

மீனாட்சி: (அதே உயரத்தில்) போகவே இல்ல!

(ஒலி: தணிந்த இன்ஜின். இரண்டு விநாடி யாரும் பேசவில்லை. மூடி ஒருமுறை கிணுங்குகிறது. கை அதை அழுத்திவிடுகிறது.)

ஆண் குரல்: (மெல்ல) ஆன்ட்டி, டுடோக்லா.

கூட்டம் என்ற சொல்லே இதில் இல்லை. கம்பியும் இல்லை. அந்தச் சீனப் பையன் ஏன் உட்காரச் சொல்கிறான் என்பதையும் விளக்காதீர்கள்.

இதைப் பதிவு செய்யும்போது நடிகைகளை நிற்கவையுங்கள், ஒரு கையை மேலே தூக்கி எதையாவது பிடித்துக்கொள்ளட்டும். கை தூக்கியிருந்தால் மூச்சு மாறும், அது குரலில் தெரியும். மீனாட்சி மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நிற்கட்டும். லெட்சுமி பேசிக்கொண்டே பின்வாங்கி, கடைசியில் இரண்டு மீட்டர் தள்ளி, முகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பேசட்டும். நடுவில் அந்தப் பையனாக நடிப்பவர் உண்மையிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எல்லார் காதிலும் சத்தம் வெளியே கசியாத ஹெட்போன், அதில் பஸ் இரைச்சல். "இங்கே கத்துங்கள்" என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், குரல் தானாக ஏறும். "நான்" என்ற சொல்லில் ஹெட்போனில் இரைச்சலைச் சட்டென்று இறக்கிவிடுங்கள். "போகவே இல்ல" எப்படி வந்து விழுகிறது பாருங்கள். அந்த அதிர்ச்சியை எந்த நடிகையாலும் ஒத்திகையில் செய்ய முடியாது, அதனால் முதல் டேக்கைத் தவறவிடாதீர்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பதிவு முடிந்ததும் பஸ் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு வெறும் குரல்களைக் கேளுங்கள். அப்போதும் இவர்கள் ஏதோ இரைச்சலில், நெரிசலில் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும். வரவேற்பறையில் பேசுவது போலிருந்தால் திரும்ப எடுங்கள். மிக்ஸிங்கில் அதைச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கைப்பேசிப் பதிவைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். நீங்கள் சிரமப்பட்டு எடுத்தது தெரியும், அதனால்தான் சொல்ல மனசு கஷ்டப்படுகிறது. கைப்பேசி தானாகவே சத்த அளவைச் சமன்செய்யும். இன்ஜின் உறுமும்போது அழுத்திவிடும், பஸ் நின்றதும் தூக்கிவிடும். உங்கள் பதிவில் பஸ் ஓடுவதும் நிற்பதும் ஒரே அளவில் இருப்பது இதனால்தான். நமக்கு வேண்டியதே அந்த ஏற்ற இறக்கம். அளவைக் கையால் நிலையாக வைக்க விடும் ரெக்கார்டரோ செயலியோ எடுத்துக்கொண்டு போங்கள். இன்ஜினின் அதிகபட்ச உறுமலில் அளவுமானி சிவப்பைத் தொடாதபடி வைத்துவிட்டு, கொம்தார் தாண்டி ஆயர் ஈத்தாம் வரை அதைத் தொடாதீர்கள். சேர்க்கும்போது, பஸ் ஓடுகையில் அதன் சத்தம் குரலைவிடச் சுமார் 12 டெசிபல் கீழே இருக்கட்டும். அங்கிருந்து காதால் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். நின்றதும் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதைப் பதிவே காட்டிவிடும்.

கதைசொல்லி வேண்டாம். எட்டு நிமிடம் நீளம்தான், விளக்க வரிகளை அடித்தாலே ஐந்துக்கு வந்துவிடும். ஆயர் ஈத்தாமில் இறங்கும்போது மீனாட்சி லெட்சுமியிடம் "வரேன்" என்றுகூடச் சொல்லாமல் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்களே, அதில் மட்டும் கை வைக்காதீர்கள். புதிய பதிவை அனுப்புங்கள், கேட்கிறேன்.