முதல் அழைப்புக்கு முன் ஒரு செய்தி

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் ஒரு கணக்காளர் வேலைக்காக ஆள்சேர்ப்பு முகவர் ஒருவர் தொடர்புகொண்டார். வியாழக்கிழமை பேசலாம் என்கிறார். விளம்பரத்தில் ‘ஹைப்ரிட்’ என்று மட்டும் இருக்கிறது; எத்தனை நாள் அலுவலகம், எத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை என்று இல்லை. நான் அம்மாவோடு சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பேசுவதற்கு முன்பே விவரம் கேட்டால், இப்போதே சலுகை கேட்கிறாள் என்று நினைத்துவிட மாட்டார்களா?

ஒரு வாசகி

தாராளமாகக் கேளுங்கள், அம்மா. ஆள் வேலையில் சேர்ந்தால்தான் முகவருக்குப் பெரும்பாலும் கூலி. தூரத்தைக் காரணம் காட்டிக் கடைசிச் சுற்றில் நீங்கள் விலகினால் அவருக்கும் நட்டம்தான்.

ஆனால் ‘ஹைப்ரிட்தானே?’ என்று கேட்காதீர்கள். ‘ஆமாம்’ என்று பதில் வரும். எங்கள் தாமான் பையன் ஒருவன் அப்படிக் கேட்டுத்தான் கையொப்பமிட்டான். வாரம் இரண்டு நாள் அலுவலகம் என்றார்கள். அது தகுதிகாண் காலம் முடிந்தவர்களுக்கு மட்டும் என்பது சேர்ந்த பிறகே தெரிந்தது. அவனுக்கு அந்தக் காலம் ஆறு மாதம். பெட்டாலிங் ஜெயாவில் அறை எடுத்தான். வாடகையும் வார இறுதி ரயில் டிக்கெட்டும் போக, ஈப்போவில் பழைய வேலையில் மிஞ்சியதைவிடக் குறைவாகவே மிஞ்சியது.

இப்படி எழுதிப் பாருங்கள்:

‘வணக்கம். வியாழக்கிழமை பேசலாம். நான் பேராக்கில் வசிப்பதால் சில விவரங்கள் முன்பே தெரிந்தால் உதவியாக இருக்கும். வாரத்தில் எத்தனை நாள், எந்த அலுவலகத்துக்கு வர வேண்டும்? தகுதிகாண் காலத்திலும் அதே ஏற்பாடா? இந்த வேலை யாருக்குக் கீழே வருகிறது? குழுவில் எத்தனை பேர், எங்கிருந்து வேலை செய்கிறார்கள்?’

கடைசி இரண்டு கேள்விகளையும் விட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் பேர் பதியும் முன் ‘எந்த மண்டோருக்குக் கீழே?’ என்று விசாரித்தவர்கள் நம் ஆட்கள். மேலாளர் சிங்கப்பூரிலும் மற்றவர்கள் பினாங்கு, ஜொகூர் என்று சிதறியும் இருந்தால், அந்தக் குழு தூரத்திலிருந்து வேலை செய்யப் பழகியது என்று நம்பலாம். மேலாளரும் மற்ற நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால், மாதக் கணக்கை முடிக்கும் வாரத்தில் உங்களையும் வரச் சொல்வார்கள். கணக்குத் துறையில் அந்த வாரம் மாதந்தோறும் வரும்.

‘அது மேலாளரைப் பொறுத்தது’ என்று பதில் வந்தால், எழுதி வைத்த விதி இல்லை, அல்லது முகவருக்குத் தெரியாது. அதற்காகச் சண்டை வேண்டாம். மேலாளரைச் சந்திப்பதற்குள் கேட்டுச் சொல்லும்படி அவரிடமே விட்டுவிடுங்கள்.

சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் விண்ணப்பிக்க 2023 ஜனவரி முதல் நம் வேலைச் சட்டத்தில் வழி இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ளும் கட்டாயம் அவருக்கு இல்லை.

முகவரின் பதில் வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடாதீர்கள். வேலைக் கடிதம் கைக்கு வரும்போது அதே நாள் கணக்கு அதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், கையொப்பத்துக்கு முன் சேர்க்கச் சொல்லுங்கள்.