இருவருக்கும் ஒரே மெயில் போடுங்கள்

"ப்ராஜெக்ட் மேனேஜர் வெள்ளிக்குள் ரிலீஸ் கேட்கிறார், லைன் மேனேஜர் ஆடிட் ஆவணங்களைக் கேட்கிறார். இருவருமே 'நீயே பார்த்துக்கோ' என்கிறார்கள்."

தனித்தனியாக "சரி" சொல்லிவிடாதீர்கள். நான் அப்படிச் சொல்லி இரண்டையும் தாமதமாக்கினேன்.

மணிக்கணக்கு போடுங்கள். ரிலீஸுக்கு 24 மணி நேரம், ஆடிட்டுக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். மீட்டிங் போக வாரத்தில் கையில் இருப்பது 34. பத்து மணி நேரம் இடிக்கிறது.

இதை ஒரே மெயிலில் இருவருக்கும் எழுதுங்கள்: "ஆடிட்டர் வரும் தேதி மாறாது, அதனால் ஆடிட்டை முதலில் முடிக்கிறேன், ரிலீஸ் அடுத்த செவ்வாய். மாற்ற வேண்டுமானால் நாளை மதியத்துக்குள் சொல்லுங்கள்."

தேதியைத் தள்ளவே முடியாத வேலைதான் முன்னால் நிற்க வேண்டும். அனுப்புவதற்கு முன் ப்ராஜெக்ட் மேனேஜரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போவது அவர் வேலை, மெயிலில் முதன்முதலாகப் பார்த்தால் புகாராகத் தெரியும்.