கோழி எலும்பு சூப்: கலங்காமல் இருக்க

கேள்வி: கோழி எலும்பு சூப் எப்போதும் கலங்கலாகவே வருகிறது. என்ன காரணம்?

தீ அதிகம், அதுதான் காரணம். எலும்பு சூப் என்பது எலும்பையும் அதில் ஒட்டிய சவ்வையும் கொதிக்கவிடாமல் மெதுவாக வேகவைத்து இறக்கும் சாறு. சூடு ஏறும்போது கறியில் உள்ள புரதம் நீரில் கரைந்து, பிறகு திரண்டு சாம்பல் நிற நுரையாக மேலே வரும். வேகும்போது ஓடு விரிசல் விட்ட முட்டையிலிருந்து வெள்ளை இழைகள் வெளியே வருமே, அதே கதைதான். தளதளவென்று கொதித்தால் அந்த நுரை பொடிப்பொடியாக உடைந்து, கொழுப்போடு சேர்ந்து நீரிலேயே கலந்துவிடும். அப்புறம் வடிகட்டினாலும் முழுதாகத் தெளியாது.

அரை கிலோ எலும்புக்கு 2 லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். வெந்நீரில் போட்டால் நுரை ஒன்றாகத் திரளாது. முதல் அரை மணி நேரம் அடுப்பருகிலேயே நின்று, கரண்டியால் மேலாக நுரையை எடுங்கள், கிளற வேண்டாம். நுரை அடங்கியதும் இஞ்சி, பூண்டு, மிளகு, சின்ன வெங்காயம் போட்டு, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் வரும்படி தீயைக் குறைத்து இரண்டு மணி நேரம் விடுங்கள்.

உப்பு கடைசியில்தான். 2 லிட்டர் ஒன்றேகால் லிட்டராக வற்றலாம். முதலில் சரியாக இருந்த உப்பு அப்போது கரிக்கும்.

நுரையைக் கோழியின் அழுக்கு என்று பலர் நினைக்கிறார்கள்; அது வெந்த புரதம்தான், கொஞ்சம் தங்கிவிட்டாலும் கெடுதல் இல்லை.