ஆய்வேட்டைக் கொஞ்ச காலம் மூடி வைக்க நூலகருக்குக் கடிதம்: கேள்வி-பதில்

ஆய்வேட்டை நூலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். நான்காம் இயலைக் கட்டுரையாக்கி ஓர் இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறிவிட்டால் இதழ் திருப்பி அனுப்பிவிடுமா?

பெரும்பாலும் அனுப்பாது. எல்சேவியர் போன்ற பெரிய பதிப்பகங்கள் ஆய்வேட்டை முன்வெளியீடாகக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் இதழின் ஆசிரியர் வழிகாட்டியில் ஆய்வேடு பற்றிய வரியைத் தேடிப் பாருங்கள். தடையில்லை என்று இருந்தால் கடிதமே தேவையில்லை. கட்டுரையில் ஆய்வேட்டைச் சான்றாகக் காட்டினால் போதும். ஆய்வேடு முழுவதையும் நூலாக்குவது வேறு கதை: இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை நூலாக்கப் பதிப்பகங்கள் தயங்கலாம். அமெரிக்க வரலாற்றுச் சங்கம் 2013-இல், புது முனைவர்களுக்கு ஆறு ஆண்டு வரை மூடி வைக்கும் உரிமை வேண்டும் என்று சொன்னதற்கு இந்த நூல் சிக்கலே காரணம்.

இதழ் தடை சொல்கிறது. கடிதத்தை எப்படி எழுதுவது? "பிரசுரமாகும் வரை வெளியிட வேண்டாம்" என்று எழுதியதற்கு நூலகத்தில் பதிலே இல்லை.

பதில் வராததில் வியப்பில்லை. யுஜிசி விதிப்படி, பட்டம் அறிவிக்கும் முன்பே மின்படி, ஷோத்கங்காவை நடத்தும் இன்ஃப்ளிப்நெட்டுக்குப் போயாக வேண்டும். "வெளியிட வேண்டாம்" என்ற வரியைப் படிக்கும் நூலகர், ஒப்படைப்பையே நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று நினைப்பார். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: கோப்பு உள்ளே இருக்கட்டும், பொதுமக்களுக்கு மட்டும் குறிப்பிட்ட நாள் வரை திறக்க வேண்டாம்.

இன்னொன்று, "பிரசுரமாகும் வரை" என்பதை மென்பொருளில் பதிய முடியாது. ஷோத்கங்கா ஓடுவது DSpace என்ற மென்பொருளில். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் பொதுப் பார்வை தொடங்கும் நாளைக் குறிக்கலாம். அந்த நாள் வந்ததும் கோப்பு தானே திறந்துகொள்ளும். ஆகவே ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். ஷோத்கங்காவில் ஆய்வேடு இயல் இயலாகத் தனித்தனி PDF ஆக ஏறுவது நமக்கு வசதி. முழுவதையும் மூடாமல் நான்காம் இயலை மட்டும் மூடக் கேளுங்கள். சிறிய கோரிக்கைக்குச் சம்மதம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் முடிவுரையில் அதே அட்டவணை மறுபடி வந்திருந்தால் அந்தக் கோப்பையும் சேர்க்க வேண்டும். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்:

"மேற்கண்ட தலைப்பிலான என் ஆய்வேட்டின் மின்படியைச் சென்ற மாதம் ஒப்படைத்தேன். அதன் நான்காம் இயலும் முடிவுரையும் கட்டுரையாக இதழின் பரிசீலனையில் உள்ளன. கையெழுத்துப் படி எண்ணுடன் கூடிய ஒப்புகையும் இதழின் விதிப் பக்கமும் இணைப்பில் உள்ளன. இவ்விரு கோப்புகளின் பொதுப் பார்வையை மட்டும் 2027 ஜூன் 30 வரை நிறுத்தி வைக்கக் கோருகிறேன். தலைப்பு, சுருக்கம், பிற இயல்கள் திறந்திருப்பதில் எனக்கு மறுப்பில்லை. கட்டுரை முன்னதாக வெளிவந்தால் ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிப்பேன்."

மேலே பதிவெண், துறை, வாய்மொழித் தேர்வு நாள். கீழே நெறியாளரின் பரிந்துரைக் கையொப்பம். அது இல்லாமல் போகும் கடிதம் பல இடங்களில் நெறியாளரிடமே திரும்பி வரும். பெறுநர் பல்கலைக்கழக நூலகர், நகல் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு. எத்தனை மாதம் கேட்கலாம் என்பதை உங்கள் பல்கலைக்கழக விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தம், மறுபரிசீலனை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் ஓராண்டு நியாயமான கேள்வி. மூன்று மாதம் கேட்டுவிட்டு நான்கு முறை நீட்டிப்புக்கு அலையாதீர்கள்.

ஏற்கெனவே ஏறிவிட்டது. இப்போது மூடலாமா?

மூடலாம், ஆனால் இதுவரை தரவிறக்கியவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது. கடிதத்தில் அந்தப் பக்கத்தின் நிலையான முகவரியை (handle என்ற சொல் வரும் இணைப்பு) கொடுங்கள். மூடியபின் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறி, வேறு உலாவியில் அந்த PDF-ஐத் திறந்து பாருங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்தக் களஞ்சியத்திலும் ஒரு படி இருக்கும். அதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.

என் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன். இதே கடிதம் போதுமா?

போதாது. இங்கே சுருக்கமும் ஆபத்து, அலமாரியில் நிற்கும் அச்சுப்படியும் ஆபத்து. ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் இருந்த ஒரே ஒரு ஆய்வேட்டை முன்வெளியீடாக ஏற்று, அமெரிக்க நீதிமன்றம் 1986-இல் ஒருவரின் விண்ணப்பத்தைத் தள்ளியது. இந்தியச் சட்டத்திலும் சலுகைக் காலம் சில குறுகிய சூழல்களுக்கு மட்டுமே. முதலில் தற்காலிக விவரக்குறிப்பையாவது காப்புரிமை அலுவலகத்தில் பதியுங்கள். அது முடியாவிட்டால், ஒப்படைப்பதற்கு முன்பே அச்சுப்படி, மின்படி, சுருக்கம் மூன்றுக்கும் சேர்த்து எழுதுங்கள்.