பூப்போட்ட சல்வாருக்கு எந்த ஹிஜாப்?

கேள்வி: ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஃப்ரேசர் டவுனில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகிறோம். என் சல்வார் கரும்பச்சை, பெரிய மெரூன் பூக்கள் போட்டது. மாமி கொடுத்த சிவப்பு பாந்தினி துப்பட்டாவையும் அன்றைக்குப் போட்டே ஆகவேண்டும். பச்சை ஹிஜாப் ஆன்லைனில் வாங்கினேன், சல்வாரோடு சேரவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பச்சையைத் தேடுவதை விட்டுவிடுங்கள். சல்வார் துணி ஒன்று, ஹிஜாப் துணி வேறு. பளபளப்பு மாறினாலே ஒரே சாயம்கூட வேறு நிறமாகத் தெரியும். போன் திரை காட்டும் நிறத்தையும் நம்ப முடியாது. ஏறக்குறைய அதே பச்சை என்றால், பார்ப்பவர் கண்ணுக்கு அது பொருத்திப் பார்த்துத் தவறவிட்டது போலத்தான் இருக்கும். விலைச்சீட்டைக் கிழிக்காமல், ஊசி குத்தாமல், கெடு முடிவதற்குள் அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இனி சல்வாரின் பூவைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மெரூன் இதழின் ஓரத்திலோ நடுவிலோ, மூன்றாவதாக ஒரு நிறம் கொஞ்சமாக இருக்கும். பெரும்பாலும் வாடிய ரோஜா, கடுகு மஞ்சள், சந்தனம் இவற்றில் ஒன்றாக இருக்கும். ஹிஜாபுக்கு அந்த நிறத்தை எடுங்கள். ஏற்கெனவே பூவுக்குள் இருக்கிற நிறம் என்பதால் முகத்தருகே வரும்போது அந்நியமாகத் தெரியாது. இரண்டு நிறங்கள் கிடைத்தால் இரண்டையும் தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். முகம் களைத்துத் தெரிகிற நிறத்தை விட்டுவிடலாம். டிசைன் போட்டது மட்டும் வேண்டாம், பிளெயினாகவே இருக்கட்டும்.

பாந்தினி பயப்படும்படி இல்லை. அதன் புள்ளிகள் சின்னவை. ஐந்தாறு அடி தள்ளி நின்றால் அவை கலந்து ஒரே சிவப்பாகத்தான் தெரியும். பூ பெரியது, புள்ளி சிறியது என்பதால் இரண்டும் மோதாது. ஆனால் மார்பு முழுக்க விரித்துப் போடாதீர்கள். நான்கு விரல் அகலத்துக்கு மடித்து ஒரு தோளில் பின் செய்யுங்கள். ஹிஜாபின் முனைகளைக் கழுத்தோடு சுற்றி உள்ளே செருகிவிட்டால் இரண்டு துணியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாது. மாமியின் கண்ணிலும் அவர் கொடுத்த துப்பட்டா தனியாகப் படும்.

வாங்கக் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் போனால் சல்வாரையே பையில் எடுத்துப் போங்கள், போட்டோ போதாது. கடைக்குள் மஞ்சள் விளக்கில் பொருந்தியது வெளியே வந்ததும் மாறிவிடும். இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள். கேட்ட நிறத்தில் ரெடிமேட் கிடைக்காவிட்டால் ஜார்ஜெட் துணி இரண்டு மீட்டர் வெட்டி வாங்கி, முப்பது அங்குல அகலம் வைத்து பீக்கோ அடிக்கக் கொடுங்கள். சாட்டின் வேண்டாம், வீடு நிறையக் குழந்தைகள் இருக்கிற நாளில் வழுக்கிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஜார்ஜெட் உள்ளே காட்டும், ஆகவே அண்டர்கேப் ஹிஜாபின் நிறத்திலேயே இருக்கட்டும். வெள்ளை போட்டால் நெற்றியில் ஒரு கோடு தனியாகத் தெரியும்.